பத்தாவது படிப்பு, பத்து வருட மெஷின்: ரெக்ரூட்டரிடம் உங்களை எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை கணபதி, பீளமேடு பக்கத்து ஜாப் ஒர்க் யூனிட்களில் ஹெல்பராக நுழைந்து, பிசிறு தட்டி, மெஷின் பக்கத்திலேயே நின்று தொழில் பழகி, இன்று வி.எம்.சி. செட்டராக இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டிகிரி கிடையாது, டிப்ளமோ கிடையாது, பலருக்கு ஐ.டி.ஐ.யும் கிடையாது. நான் பதினோரு வருடம் டூல் ரூமில் இருந்தேன். இப்போது இதே தொழிலுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறேன். ரெக்ரூட்டரின் போனை எடுத்துத் திணறியதும் உண்டு, இப்போது நானே போன் போட்டு மற்றவர் திணறுவதைக் கேட்பதும் உண்டு.

ரெக்ரூட்டர் போன் பண்ணி "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மெஷினிலிருந்து. ஊர், அப்பா பெயர், எத்தனையாவது வரை படித்தேன் என்பதெல்லாம் அப்புறம்.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். போன் போடும் பெண்ணோ பையனோ பெரும்பாலும் மெஷினை நேரில் இயக்கியவர் இல்லை. அவர் முன்னால் ஒரு எக்செல் ஷீட் திறந்திருக்கும். பதவி, மெஷின், கண்ட்ரோலர், மொத்த அனுபவம், படிப்பு, இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட் என்று கட்டங்கள் இருக்கும். நீங்கள் பேசப் பேச அவர் அந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போவார். முடிந்ததும் அந்த ஒரு வரிதான் புரொடக்‌ஷன் மேனேஜருக்குப் போகும். மேனேஜர் உங்கள் குரலைக் கேட்கப் போவதில்லை, அந்த வரியைத்தான் படிக்கப் போகிறார்.

ஆகவே உங்கள் அறிமுகம் மெஷின் தெரியாத ஒருவர் அப்படியே எழுதிக்கொள்ளும்படியும், மெஷின் தெரிந்த ஒருவர் படித்தால் "இவரிடம் பேசலாம்" என்று நினைக்கும்படியும் இருக்க வேண்டும். "நல்லா வேலை தெரியும்" என்பதை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. "மூன்று ஆக்சிஸ் வி.எம்.சி., ஃபேனுக், ஆறு வருடம் செட்டிங்" என்பதை எழுதலாம்.

ஒரு மாதிரி சொல்லிக் காட்டுங்களேன்.

போன வருடம் ஒருவரை ஓசூர்ப் பக்கத்து நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். வயது 31, பத்தாவது பாஸ், பத்து வருடம் ஒரே யூனிட். முதல் தடவை போனில் அவர் சொன்னது இது:

"சார், நான் பத்தாவதுதான் சார். மேல படிக்க வசதி இல்ல. ஆனா எல்லா வேலையும் தெரியும் சார். எந்த மெஷின் குடுத்தாலும் ஓட்டுவேன். ஒரு சான்ஸ் குடுத்தா நிரூபிச்சுக் காட்டுவேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் என் ஷீட்டில் நிரம்பிய கட்டம் ஒன்றே ஒன்று: படிப்பு, பத்தாவது. மற்ற எல்லாம் காலி. "எல்லா வேலையும் தெரியும்" என்பது இந்தத் தொழிலில் கொஞ்சம் ஆபத்தான வார்த்தையும்கூட. உண்மையில் தெரிந்தவர் எது தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்வார். மேனேஜர்கள் அதைத்தான் கவனிக்கிறார்கள்.

அரைமணி நேரம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். என்ன மெஷின்? என்ன ஜாப்? டிராயிங்கில் இருந்ததிலேயே டைட்டான அளவு எது? செட்டிங்குக்கு எவ்வளவு நேரம்? புரோகிராம் யார் எழுதுகிறார்? அவர் சொன்ன பதில்களையே எடுத்து அடுக்கினோம். மறுநாள் நிறுவனத்து ஹெச்.ஆர். போன் போட்டபோது அவர் சொன்னது இது:

"வணக்கங்க மேடம். நான் வி.எம்.சி. செட்டர், மொத்தம் பத்து வருஷ அனுபவம். முதல் நாலு வருஷம் ஆபரேட்டர், கடைசி ஆறு வருஷமா செட்டிங் நான்தான் பார்க்கிறேன். மூணு ஆக்சிஸ் மெஷின், ஃபேனுக் கண்ட்ரோலர். அலுமினியம் பம்ப் ஹவுசிங், வார்ப்பிரும்பு பிராக்கெட் ரெண்டும் ஓட்டுறோம். போர் 25 H7, அதாவது இருபது மைக்ரானுக்குள்ள, தினமும் எடுக்கிறது. சின்ன புரோகிராம் கையால எழுதுவேன், புரோகிராம் போட்டுத் தர்ற CAM சாஃப்ட்வேர் தெரியாது. நாலாவது ஆக்சிஸ் இருக்கிற மெஷின்ல ஓட்டியிருக்கேன், தனியா செட் பண்ணினது இல்ல. படிப்பு பத்தாவதுங்க, டிப்ளமோ இல்ல. நோட்டீஸ் ஒரு மாசம்."

நாற்பது, நாற்பத்தைந்து வினாடிதான். படிப்பு அதே பத்தாவதுதான். ஆனால் அது இப்போது எல்லாவற்றுக்கும் பின்னால், மற்ற விவரங்களில் ஒன்றாக வந்து நிற்கிறது. மன்னிப்புக் கேட்கும் தொனியும் போய்விட்டது. "வசதி இல்ல" என்ற காரணத்தை எடுத்துவிட்டோம். அதைக் கேட்பவருக்கு வருத்தமாக இருக்கும், ஷீட்டில் எழுத ஒன்றும் இருக்காது.

"இருபது மைக்ரானுக்குள்ள" என்பது மேடத்துக்குப் புரிந்திருக்காது. பரவாயில்லை, அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்து அதைப் படித்த மேனேஜருக்குப் புரிந்தது.

ஆபரேட்டரா, செட்டரா, புரோகிராமரா? என்னை எதுவென்று சொல்லிக்கொள்வது? எங்கள் யூனிட்டில் மூன்றையும் நான்தான் பார்க்கிறேன்.

சின்ன யூனிட்களில் பதவிப் பெயரே இருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வெளியே இந்த மூன்றுக்கும் சம்பளமும் வேறு, எதிர்பார்ப்பும் வேறு. நான் கேட்டுப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன்.

ஜாப்பைக் கட்டி, சைக்கிள் ஸ்டார்ட் கொடுத்து, அளந்து, டூல் தேயத் தேய ஆஃப்செட்டில் ஒன்றிரண்டு பாயின்ட் திருத்துவது மட்டும் என்றால் ஆபரேட்டர். புது ஜாப் வந்ததும் ஃபிக்சரை டேபிளில் ஏற்றி, டயல் ஓட்டி நேராக்கி, G54 எடுத்து, எல்லா டூலுக்கும் நீளம் எடுத்து, சிங்கிள் பிளாக்கில் ஓட்டிப் பார்த்து, முதல் பீஸை குவாலிட்டியில் பாஸ் வாங்கிக் கொடுப்பவர் செட்டர். வெறும் டிராயிங்கை மட்டும் கையில் கொடுத்தால் எந்த வரிசையில் வெட்டுவது, என்ன டூல், என்ன ஸ்பீடு, ஃபீடு என்று முடிவு செய்து புரோகிராமைப் புதிதாக எழுதுபவர் புரோகிராமர்.

ஏற்கெனவே இருக்கும் புரோகிராமில் ஃபீடு மாற்றுவதும், ஒரு துளையின் இடத்தை மாற்றுவதும் எடிட்டிங். அதை வைத்துப் புரோகிராமர் என்று சொன்னால் டெக்னிக்கல் ரவுண்டில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். "செட்டர், எடிட்டிங் செய்வேன்" என்று சொன்னால் யாரும் உங்களைக் குறைத்து எடைபோட மாட்டார்கள். மாறாக, செட்டிங் செய்துகொண்டே தன்னை ஆபரேட்டர் என்று சொல்லிக்கொள்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். பட்டப்படிப்பு இல்லாதவர்களிடம் இந்தக் கூச்சம் அதிகம். கேட்கிற எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆபரேட்டர் என்று சொன்னால் ஆபரேட்டர் கட்டத்தில்தான் எழுதுவார்கள், சம்பளமும் அந்தக் கட்டத்துக்குத்தான் வரும்.

படிப்பை அவங்களா கேட்கும்வரை சொல்லாமல் இருந்தால் என்ன?

முதல் போனிலேயே, நீங்களாகவே, ஒரே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அனுபவத்தைச் சொன்ன பிறகு, சம்பளப் பேச்சுக்கு முன்னால். அதுதான் சரியான இடம்.

மறைத்து வைத்தால் அது கடைசியில் வெளியே வரும். அதுவும் மோசமான நேரத்தில் வரும். இரண்டு ரவுண்டு முடிந்து, ஒரு நாள் லீவு போட்டு ஓசூர் வரை போய் வந்து, "சர்டிஃபிகேட் எடுத்துட்டு வாங்க" என்னும்போதுதான் தெரியும், அந்த இடத்துக்கு டிப்ளமோ கட்டாயம் என்று. உங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ரெக்ரூட்டருக்கு கிளையண்ட்டிடம் கெட்ட பெயர். அடுத்த தடவை உங்கள் நம்பரை அவர் எடுக்க மாட்டார்.

சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்த இடத்துக்குப் படிப்பு கண்டிப்பான நிபந்தனையாங்க, இல்ல அனுபவம் இருந்தா பரவாயில்லையா?" இதற்கு நேரான பதில் வரும். தெரியாவிட்டால் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். எப்படியானாலும் நேரம் மிச்சம்.

போர்ட்டலில் டிப்ளமோ என்று போட்டால்தான் போன் வருகிறது. பத்தாவது என்று போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போட்டுவிடலாமா?

வேண்டாம். போன் வரும் என்பது உண்மைதான். ரெக்ரூட்டர்கள் தேடும்போது படிப்பை வைத்து வடிகட்டுகிறார்கள். அந்த வடிகட்டியில் நீங்கள் சிக்காமல் போவதும் உண்மை. ஆனால் கொஞ்சம் பெரிய நிறுவனம் என்றால் வேலையில் சேரும்போது சான்றிதழ் சரிபார்ப்பை வெளி ஏஜென்சி ஒன்றிடம் கொடுத்துவிடுவார்கள். மார்க் ஷீட் எண்ணோடு பாலிடெக்னிக்கிலோ போர்டிலோ கேட்பார்கள். சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தாலும் அனுப்பிவிடுவார்கள். அப்போது பழைய வேலையும் இருக்காது.

வடிகட்டியைத் தாண்ட வேறு வழி உண்டு. ரெக்ரூட்டர்கள் படிப்பை மட்டும் வைத்துத் தேடுவதில்லை, வார்த்தைகளை வைத்தும் தேடுகிறார்கள். அவர்கள் தட்டச்சு செய்யும் வார்த்தைகள் ஆங்கிலத்தில் இருக்கும்: `VMC Setter`, `CNC Setter`, `Fanuc`, `Siemens`, `Fixture setting`. இவை உங்கள் புரொஃபைலின் தலைப்பு வரியிலும் வேலை விவரத்திலும் இருக்க வேண்டும். நிறைய பேர் தலைப்பில் "hard worker, looking for job" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை யாரும் தேடுவதில்லை.

தெரியும் என்று வாயால் சொல்கிறேன். ஆதாரம் என்ன காட்டுவது? நாங்கள் செய்த ஜாப்பின் டிராயிங், போட்டோ அனுப்பலாமா?

டிராயிங்கை அனுப்பவே கூடாது. போட்டோவும் வேண்டாம். அது உங்களுடையது இல்லை, உங்கள் முதலாளியுடையதுகூட இல்லை, அவருடைய கஸ்டமருடையது. நான் பார்த்த ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு பிராக்கெட் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ரெக்ரூட்டர் அதைத் தன் கிளையண்ட்டுக்கு அனுப்ப, அந்த கிளையண்ட் அதே கஸ்டமருக்கு வேறு பாகம் செய்துகொடுக்கும் நிறுவனம். மேனேஜர் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார். "இன்னிக்கு அவங்க டிராயிங்கை எனக்குக் காட்டுறவர் நாளைக்கு என் டிராயிங்கை யாருக்குக் காட்டுவாரோ" என்றார். அத்தோடு முடிந்தது.

அதற்குப் பதிலாக நீங்களே ஒரு பாகத்தை வரைந்துகொள்ளுங்கள். நூறு மில்லி சதுரத் தட்டு, நடுவில் 25 H7 போர், நான்கு மூலையில் M8 டேப். ஒரு ஏ4 தாளில் அளவுகளோடு வரைந்து, எந்த வரிசையில் வெட்டுவீர்கள், எங்கே ஜீரோ எடுப்பீர்கள், எந்த டூல் என்று கையெழுத்திலேயே எழுதி வைத்திருங்கள். நேரில் போகும்போது அந்த ஒரு தாள் போதும். தொழில் தெரிந்தவர் அதை இரண்டு நிமிடம் பார்த்தால் உங்களைப் பற்றிய பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேறு. பி.எஃப். பிடித்தார்கள் என்றால் உங்கள் யு.ஏ.என். எண்ணால் இ.பி.எஃப்.ஓ. மெம்பர் போர்ட்டலில் நுழைந்து `View` மெனுவில் `Service History` பாருங்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று வரும். நீங்கள் போனில் சொல்லும் வருடங்கள் அதோடு ஒத்துப்போகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் என்கிறீர்கள், பி.எஃப். ஏழு வருடம்தான் காட்டுகிறது என்றால், "முதல் மூணு வருஷம் பி.எஃப். இல்லாம ஹெல்பரா இருந்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

இருபது பேருக்குக் குறைவான யூனிட்டில் பி.எஃப். சட்டப்படி கட்டாயம் இல்லை. அதனால் பி.எஃப். இல்லாதது மட்டுமே சந்தேகத்துக்குக் காரணமாகாது. அப்படிப்பட்டவர்கள் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய ஸ்டேட்மென்ட்டையும், முதலாளியின் லெட்டர்பேடில் சேர்ந்த தேதி, பார்த்த வேலை எழுதிய கடிதத்தையும் வைத்திருக்க வேண்டும். கடிதத்தை வேலையை விடும்போது கேட்காதீர்கள். அப்போது கோபத்தில் இருப்பார்கள். வங்கிக் கடனுக்கு என்று சொல்லி வாங்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை நான் சிபாரிசு செய்யவில்லை, ஆனால் குற்றமும் சொல்லவில்லை.

ரெக்ரூட்டர் பேசிய பிறகு "டெக்னிக்கல் ஆள் பேசுவார்" என்றார்கள். அவரிடமும் இதே அறிமுகம்தானா?

அதே விவரம்தான், ஆனால் அவர் அறிமுகத்தை முழுக்கக் கேட்க மாட்டார். "25 H7 தினமும் எடுக்கிறது" என்றீர்கள் அல்லவா, அந்த இடத்தில் நிறுத்துவார். அதனால் அறிமுகத்தில் நீங்கள் போடும் ஒவ்வொரு எண்ணும் அடுத்த கேள்விக்கான வாசல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வாசல் வழியாக அவர் நுழைய வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். டிகிரி இல்லாதவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

ஓசூருக்குப் போனவரிடம் கேட்ட கேள்வியையே சொல்கிறேன். "அலுமினியம் ஹவுசிங், 25 H7 போர். எடுத்தவுடன் அளந்தால் 25.026 காட்டுது. என்ன பண்ணுவீங்க?"

H7 என்றால் 25 மில்லிக்கு மேல் எல்லை 25.021. ஆக, ஐந்து மைக்ரான் கூடுதல். அவசரப்படுபவர் "ஆஃப்செட் மாத்துவேன்" என்பார். அந்தப் பதிலில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதல் தப்பு, அந்த ஜாப் உண்மையிலேயே பெரிதாகிவிட்டதா என்று பார்க்காதது. வெட்டி முடித்த அலுமினியம் சூடாக இருக்கும். 25 மில்லி அலுமினியம் பதினைந்து டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய ஒன்பது மைக்ரான் விரியும். ஆறிய பிறகு அதே போர் 25.017 காட்டலாம், அதாவது பாஸ். அதனால் முதலில் ஜாப்பைத் தனியாக எடுத்து வைத்து, ஆறவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். அதுவரை அடுத்த ஜாப்புக்கு சைக்கிள் ஸ்டார்ட் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது தப்பு, போர் எப்படி எடுக்கப்படுகிறது என்று கேட்காதது. போரிங் ஹெட்டில் எடுத்தால் விட்டத்தைக் கண்ட்ரோலரில் மாற்ற முடியாது. கையால் ஹெட்டின் டயலைத்தான் திருப்ப வேண்டும். சில ஹெட்டில் டயல் விட்டத்தைக் காட்டும், சிலதில் ஆரத்தைக் காட்டும். குறைக்கும்போது கொஞ்சம் அதிகமாகப் பின்னால் போய்த் திரும்ப முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்குரூவின் ஆட்டம் உள்ளே நின்றுவிடும். எண்ட் மில்லைச் சுற்றிவரச் செய்து எடுத்தால் மட்டும்தான் ஆஃப்செட் பேச்சு:

```
G41 D05 G01 X12.5 F200
G03 I-12.5
G40 G01 X0
```

இதில் போர் பத்து மைக்ரான் பெரிதாக வந்தால் `D05`-ஐ ஐந்து மைக்ரான் கூட்ட வேண்டும். ஃபேனுக்கில் D வழக்கமாக ஆரமாக இருக்கும், அதனால் பாதி. கூட்டினால் டூல் சுவரைவிட்டு விலகும், போர் சிறிதாகும்.

நம்ம ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "சார், போரிங் ஹெட்டா, இன்டர்போலேஷனா?" இவ்வளவுதான், திருப்பிக் கேட்டார். மேனேஜர் என்னிடம் பின்னால் சொன்னது, அந்தக் கேள்வியிலேயே முடிவு பண்ணிவிட்டாராம். அதற்குப் பிறகு படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

சம்பளம் கேட்டால் என்ன சொல்வது? கையில் வருவது ஒன்று, ஸ்லிப்பில் இருப்பது ஒன்று.

இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். "வங்கியில ஏறுறது இவ்வளவு, ஓவர்டைம் மாசம் சராசரி இவ்வளவு, அது கையில குடுப்பாங்க." ரெக்ரூட்டர் பெரும்பாலும் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட் கேட்பார். கையில் வாங்கியதை நிரூபிக்க முடியாது. அதையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லிவிட்டால் ஸ்டேட்மென்ட் வந்தவுடன் நீங்கள் பொய் சொன்னது போல ஆகிவிடும்.

இன்னொன்று. கன்சல்டன்சிக்குப் பணம் கொடுப்பது நிறுவனம். உங்களிடம் ரிஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், டிரெய்னிங் என்று முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடலாம்.

டிப்ளமோ கட்டாயம் என்று வெட்டிவிட்டார்கள். அத்தோடு விட வேண்டியதுதானா?

சில இடங்களில் ஆமாம். பொதுத்துறை நிறுவனம், அரசு சார்ந்த இடங்கள் என்றால் அறிவிப்பில் இருக்கும் படிப்பு இல்லாமல் விண்ணப்பமே நிற்காது. அங்கே பேசிப் பயனில்லை.

தனியார் நிறுவனம் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மேனேஜர் ஓகே சொன்னா விதிவிலக்கு உண்டாங்க?" சில நிறுவனங்களில் கம்பெனி ரோலுக்குப் படிப்பு கட்டாயம், காண்ட்ராக்ட் ரோலுக்கு அப்படி இல்லை. காண்ட்ராக்டில் சேரச் சொன்னால் எத்தனை மாதத்துக்கு, பிறகு ரோலுக்கு எடுப்பது உண்டா, இதுவரை எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் எடுப்பதில்லை என்று அர்த்தம். ஆறு வருட செட்டர் அதற்காக இருக்கும் வேலையை விட வேண்டியதில்லை.

இந்த வயதில் போய் ஏதாவது சர்டிஃபிகேட் வாங்கினால் பயன் உண்டா?

எல்லா சர்டிஃபிகேட்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. மூன்று நாள் கோர்ஸ் முடித்துப் பளபளவென்று பிரேம் போட்டுத் தருவதை நான் பார்ப்பதே இல்லை.

பயன் உள்ளது என்று நான் நினைப்பது தனித்தேர்வராக அகில இந்திய தொழிற்தேர்வு எழுதுவது. ஐ.டி.ஐ.யில் உட்கார்ந்து படிக்காமலே, அந்தத் தொழிலில் அனுபவம் உள்ளவர்கள் எழுதலாம். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கான அறிவிப்பு வெளியிடும். வயது, அனுபவச் சான்று, கடைசித் தேதி எல்லாம் அந்த அறிவிப்பில் இருக்கும், அதைப் பார்த்தே விண்ணப்பியுங்கள். பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டாலும் சொல்வார்கள். மெஷினிஸ்ட், டர்னர் போன்ற பிரிவில் பாஸ் செய்தால் கிடைப்பது தேசிய தொழிற்சான்றிதழ். ரெக்ரூட்டரின் ஷீட்டில் படிப்புக் கட்டத்தில் "ஐ.டி.ஐ." என்று பொய் இல்லாமல் எழுதலாம். மெஷின் கைக்குப் பழகியவர்களுக்கு செய்முறை கஷ்டமாக இருக்காது. எழுத்துத் தேர்வில்தான் கணக்கும் தியரியும் இடிக்கும், அதற்கு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தால், "இந்த வருஷம் தனித்தேர்வரா எழுதுறேன்" என்று சொல்லலாம். பாஸ் ஆன மாதிரி சொல்லக் கூடாது.

ஷிஃப்ட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ரெக்ரூட்டர் போன் வந்தால்?

எடுத்து, "மெஷின்ல இருக்கேங்க, ரெண்டரை மணிக்கு ஷிஃப்ட் முடியுது, ரெண்டே முக்காலுக்கு நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். கூலன்ட் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேசினால் அவர் பாதியைத் தப்பாக எழுதிக்கொள்வார். ஒரு தடவை ஒரு செட்டர் "ஃபேனுக்" என்றது "ஃபேன் ஒர்க்" என்று ஷீட்டில் ஏறி, மின்விசிறி தயாரிக்கும் நிறுவனத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது. பேசி முடித்த கையோடு மெஷின், கண்ட்ரோலர், வருடம், படிப்பு, நோட்டீஸ் ஐந்தையும் வாட்ஸ்அப்பில் ஐந்து வரியாக அனுப்பிவிடுங்கள். அவர் அதை அப்படியே ஷீட்டில் ஒட்டிக்கொள்வார். ரெண்டே முக்காலுக்குக் கூப்பிடுகிறேன் என்றால் ரெண்டே முக்காலுக்குக் கூப்பிட்டாக வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.